பழைய சுவரில் ஏறும் ஓதம்: காரணத்தைக் கண்டுபிடித்து, ஊசி போட்டு நிறுத்தும் முறை

கும்பகோணம் பக்கத்தில் சித்தப்பாவின் வீடு. நாட்டுச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியது, கூடத்துச் சுவர் பதிமூன்றரை அங்குலம். அந்தச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம். பூச்சு பொரிந்து, விரலால் தடவினால் மாவாகக் கொட்டும். இருபது வருடத்தில் மூன்று தடவை சிமென்ட் பூசியாகிவிட்டது. மூன்றாவது தடவை வந்த ஒரு காண்ட்ராக்டர் நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிக் கொடுத்தார். இரண்டே மழைக்காலத்தில் டைல்ஸுக்கு மேலே, ஐந்தடி உயரத்தில் சுவர் பூத்தது. "தண்ணி டைல்ஸை ஏறிக் குதிச்சிடுச்சுடா" என்றார் சித்தப்பா. விளையாட்டாகச் சொன்னாலும் நடந்தது ஏறக்குறைய அதுதான்.

அந்தச் சுவரை முன்வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட பழைய சுவர்களுக்கு இது பொருந்தும். மண் சாந்து வைத்த சுவருக்கும், உள்ளே கல்லும் மண்ணும் போட்டு நிரப்பிய தடித்த சுவருக்கும் அப்படியே பொருந்தாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தண்ணீர் ஏன் மேலே ஏறுகிறது

அகல் விளக்கில் திரி எண்ணெயை இழுப்பதும் சுவர் தண்ணீரை இழுப்பதும் ஒரே வேலை. நூல்களுக்கு இடையே உள்ள மெல்லிய இடைவெளியில் எண்ணெய் ஒட்டி ஏறுவதைப் போல, செங்கல்லிலும் சாந்திலும் உள்ள நுண்துளைகளில் தண்ணீர் ஏறுகிறது. துளையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளத் தண்ணீருக்கு விருப்பம் அதிகம். ஒட்டி ஏறும் ஓரம் நடுவில் உள்ள தண்ணீரையும் சேர்த்து இழுக்கிறது. இழுத்த தண்ணீரின் எடையும் இழுக்கும் விசையும் சமமாகும் உயரத்தில் ஏற்றம் நிற்கும்.

துளை மெல்லியதாக ஆக ஏற்றம் கூடும். 1 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் தண்ணீர் சுமார் 3 செ.மீ. ஏறும். பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 மி.மீ. துளையில் 30 செ.மீ. ஏறும். 0.01 மி.மீ. துளையில் 3 மீட்டர் வரை ஏற வேண்டும். செங்கல்லிலும் சுண்ணாம்புச் சாந்திலும் இதைவிட மெல்லிய துளைகளும் உண்டு. இந்தக் கணக்குப்படி ஓதம் மாடி வரைக்கும் போக வேண்டும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அது மூன்றடி, நாலடியோடு நின்றுவிடுகிறது.

அதற்குக் காரணம் காற்று. சுவர் கீழே தண்ணீரைக் குடித்துக்கொண்டே, முகம் முழுக்க அதை ஆவியாக விட்டுக்கொண்டும் இருக்கிறது. மேலே போகப் போகத் துளைகளின் உராய்வால் வரத்து குறைகிறது, ஆவியாகும் பரப்போ கூடிக்கொண்டே போகிறது. வரத்தும் செலவும் சமமாகும் இடம்தான் சுவரில் நாம் பார்க்கும் ஓதக் கோடு. சித்தப்பா வீட்டு டைல்ஸ் என்ன செய்தது என்று இப்போது புரியும். நாலடி உயரத்துக்கு ஆவி வெளியேறும் வழியை அடைத்துவிட்டது. செலவுக்கு வழியில்லாத தண்ணீர், வழி கிடைக்கும் உயரம் வரை ஏறிப் போயிற்று. சிமென்ட் பூச்சும் எனாமல் பெயின்டும் செய்வது இதே காரியம்தான், கொஞ்சம் மெதுவாக.

இன்னொன்றையும் இங்கேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கீழிருந்து மேலே தண்ணீருக்கு விட்டுப்போகாத பாதை சாந்துதான். ஒவ்வொரு செங்கல்லையும் நாலு பக்கமும் சாந்து சூழ்ந்திருக்கிறது. ஒரு செங்கல்லிலிருந்து அடுத்ததுக்குத் தண்ணீர் போக வேண்டுமானால் சாந்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆகவே எந்தத் தடுப்பாக இருந்தாலும் சாந்து வரியில் போட வேண்டும். செங்கல்லில் போட்டால், தண்ணீர் பக்கத்துச் சாந்து வழியாகச் சுற்றிக்கொண்டு மேலே போய்விடும்.

உப்பு: ஓதத்தின் மிச்சம்

மண்ணிலிருந்து வரும் தண்ணீர் தனியாக வருவதில்லை. குளோரைடு, நைட்ரேட், சல்ஃபேட் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. பழைய மாட்டுக்கொட்டகையோ கழிவுக் குழியோ பக்கத்தில் இருந்திருந்தால் நைட்ரேட் நிறையவே இருக்கும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு சுவரிலேயே தங்கிவிடும். அது படிகமாகும்போது துளைக்குள் நெருக்கிப் பூச்சை உடைக்கிறது. பூச்சு மாவாகக் கொட்டுவது இதனால்தான்.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. குளோரைடும் நைட்ரேட்டும் காற்றில் உள்ள ஈரத்தைத் தாமாகவே இழுத்துக்கொள்பவை. மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் கல் உப்பு நீர் விட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். சுவருக்குள்ளும் அதேதான். கீழிருந்து வரும் தண்ணீரை முழுக்க நிறுத்திவிட்டாலும், உப்பேறிய பழைய பூச்சு மழைக்காலம் வந்தால் ஈரமாகும். வீட்டுக்காரர் "காசு போச்சு, மருந்து வேலை செய்யலை" என்பார். மருந்து வேலை செய்திருக்கும், உப்பை எடுக்காமல் விட்டதுதான் தப்பாக இருக்கும்.

முதல் படி: அது உண்மையிலேயே ஏறும் ஓதமா?

சுவர் ஈரமாக இருக்கிறது என்பதாலேயே ஊசி போட, அதாவது சாந்தைத் துளைத்துத் தண்ணீர் ஏறாமல் தடுக்கும் மருந்தை ஏற்ற, ஆரம்பித்துவிடக் கூடாது. சுவருக்குள் ஓடும் குழாய் கசிந்தால் ஈரம் ஓர் இடத்தில் திட்டாகத் தெரியும், அது வருடம் முழுக்க மாறாது. கூரையிலிருந்தோ வெளிப்பூச்சின் வெடிப்பிலிருந்தோ வந்தால், மழை பெய்த மறுநாளே தெரியும், மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் இருக்கும். ஏறும் ஓதம் அடியில் அதிகமாக இருந்து மேலே போகப் போகக் குறையும். தரை மட்டத்துக்கு ஓரளவு இணையாக, அலை அடித்தது போல ஒரு கோடு விழும். அந்தக் கோட்டையொட்டி உப்பு பூத்திருக்கும்.

கையில் பிடித்து இரண்டு முனைகளைச் சுவரில் குத்திப் பார்க்கும் ஈரமானி பலரிடம் இருக்கிறது. அது மரத்துக்கென்று அளவு வைத்த கருவி. சுவரில் அது அளப்பது மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைத்தான். உப்பு இருந்தால் காய்ந்த சுவரிலும் முள் எகிறும். அதை மட்டும் காட்டி ஒருவர் எஸ்டிமேட் போட்டால் அந்த எஸ்டிமேட்டை நம்பாதீர்கள்.

நம்பத்தக்க வழி எடை போட்டுப் பார்ப்பது. வீட்டிலேயே செய்யலாம். 9 மி.மீ. ட்ரில் பிட்டை வைத்து, சுவரில் வெவ்வேறு உயரங்களில் சாந்து வரியைத் துளையுங்கள். மெதுவாக ஓட்டுங்கள், பிட் சூடானால் துளைக்கும்போதே ஈரம் போய்விடும். முதலில் வரும் பூச்சுத் தூளை ஒதுக்கிவிட்டு, உள்ளிருந்து வரும் சாந்துத் தூளைச் சின்ன டப்பியில் பிடித்து உடனே மூடிவிடுங்கள். ஒவ்வொன்றிலும் 20 கிராம் எடுத்து, 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓவனில் 105 டிகிரியில், எடை இனிமேல் குறையாது என்ற நிலை வரும்வரை காயவைத்து மறுபடி நிறுங்கள்.

சித்தப்பா வீட்டில் எங்களுக்குக் கிடைத்தது இது. தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் எடுத்த 20 கிராம், காய்ந்தபின் 17.2 ஆயிற்று, அதாவது 14 சதவீதம் தண்ணீர். 60 செ.மீ.யில் 9 சதவீதம். 110 செ.மீ.யில் 8 சதவீதம். 160 செ.மீ.யில் 2 சதவீதம். அடியிலிருந்து மேலே குறைந்துகொண்டே போகிறது, சரி. ஆனால் 60க்கும் 110க்கும் நடுவே அவ்வளவாகக் குறையவில்லை. அங்கேதான் உப்பு உட்கார்ந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தது.

அதற்கும் ஒரு சோதனை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. மூடி நன்றாகப் பொருந்தும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறு போல இருக்குமளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். கரைந்த உப்பும் கரையாத உப்பும் சேர்ந்திருக்கும் அந்தச் சேறு, மூடிய டப்பாவுக்குள் காற்றின் ஈரப்பதத்தை 75 சதவீதத்தில் பிடித்து வைக்கும். காயவைத்த தூளைச் சின்னத் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, உப்பின் மேல் படாமல் ஒரு மேடை வைத்து அதற்குள் வையுங்கள். ஒரு வாரம் பத்து நாள் கழித்து எடை கூடுவது நின்றிருக்கும், அப்போது நிறுங்கள். எங்கள் 110 செ.மீ. தூள் 18.4 கிராமிலிருந்து 19.6 ஆகியிருந்தது. இழந்த 1.6 கிராமில் 1.2 கிராமை வெறும் காற்றிலிருந்தே திரும்பப் பிடித்துவிட்டது. 15 செ.மீ. தூளோ இழந்த 2.8 கிராமில் 0.2 கிராமைத்தான் பிடித்தது.

ஆக, அடியில் இருக்கும் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. மேலே இருக்கும் ஈரத்தில் பெரும்பகுதி உப்பு காற்றிலிருந்து இழுத்தது. முன்னதற்கு ஊசி, பின்னதற்குப் பழைய பூச்சைக் கொத்தி எடுப்பது. இரண்டில் ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் வேலை பாதிதான்.

இரண்டாவது படி: தண்ணீர் வரும் வழியைக் குறைப்பது

ஊசிக்கு முன்னால் வெளியே போய்ப் பாருங்கள். கூடத்துச் சுவரின் மறுபக்கம் கொல்லைக்குப் போகும் சந்து. அதில் யாரோ எப்போதோ சிமென்ட் தளம் போட்டிருந்தார்கள். அது கூடத்துத் தரையைவிட மூன்று அங்குலம் மேலே இருந்தது. கை கழுவும் குழாய்த் தண்ணீரும் அங்கேயே தேங்கியது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் இதுதான் வழக்கமான கதை. வீடு கட்டும்போது தரை உயரமாகத்தான் இருந்திருக்கும். சாலை போடப் போட, சந்துக்குச் சிமென்ட் போடப் போட, வெளி மட்டம் ஏறி வீடு பள்ளமாகிவிடும்.

சுவரையொட்டி ஓரடி அகலத்துக்கு அந்தத் தளத்தை உடைத்து, கூடத்துத் தரையைவிட 20 செ.மீ. கீழே வரும்வரை தோண்டினோம். கடைக்காலுக்குக் கீழே மட்டும் போய்விடக் கூடாது, பழைய வீடுகளில் கடைக்கால் ஆழம் குறைவாகவே இருக்கும். தோண்டிய இடத்தில் ஜல்லியை நிரப்பி, தண்ணீர் கொல்லைப் பக்கம் ஓடும்படி வாட்டம் கொடுத்தோம். குழாயையும் மாற்றினோம்.

இதைச் செய்யாமல் ஊசி போட்டால் என்ன ஆகும்? ஊசி மருந்து நுண்துளை வழியாக ஏறும் தண்ணீரைத்தான் தடுக்கும். தேங்கி நின்று அழுத்தும் தண்ணீரைத் தடுக்காது. தடுப்பு வரிக்கு மேலே வெளி மண் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் தண்ணீர் அந்த மண் வழியாகவே மேலே நுழைந்துவிடும். வெளி மட்டத்திலிருந்து குறைந்தது 15 செ.மீ. உயரத்தில் தடுப்பு இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். சில வீடுகளில் இந்தப் படி முடிந்ததுமே ஓதம் பாதியாகக் குறைந்துவிடும். செலவு செய்ய யோசிப்பவர்கள் இதை மட்டும் செய்துவிட்டு ஒரு மழைக்காலம் பொறுத்துப் பார்க்கலாம்.

தடுப்பு என்றால் என்ன

டிபிசி என்று என்ஜினியர்கள் சொல்வது சுவரின் அகலம் முழுவதையும் குறுக்கே வெட்டும் ஒரு தண்ணீர்த் தடுப்பு. புது வீட்டில் இது சுலபம். பேஸ்மென்ட் மட்டத்தில், தரைக்குமேல் சுவர் எழும்பும் முன், 40 மி.மீ. கனத்துக்கு 1:2:4 கான்கிரீட் போட்டு, அதன்மேல் சூடான தாரை இரண்டு கோட்டு அடிப்பார்கள். இடையில் எங்கேயும் விட்டுப்போகாமல், மூலைகளில் தொடர்ந்து போக வேண்டும். அவ்வளவுதான்.

பழைய கட்டடங்களில் இதே வேலையைக் கல் செய்தது. வெனிஸ் நகரத்தில் செங்கல் சுவருக்கு அடியில் இஸ்திரியா பகுதியிலிருந்து கொண்டுவந்த அடர்த்தியான வெள்ளைக் கல்லை வரிசையாக வைத்தார்கள். அதில் துளை மிகக் குறைவு, கடல் நீர் அதைத் தாண்டி ஏறாது. இப்போது கடல் மட்டம் உயர்ந்து, ஊர் தாழ்ந்து, தண்ணீர் அந்தக் கல்லுக்கு மேலேயே அடிக்கடி வந்துவிடுவதால் அங்கே செங்கல் அரிக்கிறது. நம் கோபுரங்களிலும் அடித்தளம் கருங்கல், மேலே போனால்தான் செங்கல்லும் சுதையும். கருங்கல் தண்ணீர் குடிக்காது என்பதால் மேலே இருக்கும் செங்கல்லுக்கு அது காவல்.

ஏற்கெனவே நிற்கும் சுவரில் தடுப்பு போட இரண்டு வழி. ஒன்று, சாந்து வரியை ரம்பத்தால் அறுத்துத் தடித்த பிளாஸ்டிக் தகட்டைச் செருகுவது. நிச்சயமான தடுப்பு. ஆனால் ஒரு நேரத்தில் மூன்றடிக்குள் அறுத்து, தகடு வைத்து, சாந்தை இறுக்கி, பிடித்த பிறகே அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். அவசரப்பட்டால் சுவர் இறங்கி மேலே வெடிப்பு விழும். பதிமூன்றரை அங்குலச் சுவரில் நம் ஊரில் இதைச் சரியாகச் செய்யத் தெரிந்த ஆளை நான் பார்த்ததில்லை. இரண்டாவது வழி ஊசி.

ஊசியில் போவது சிலேன், சிலாக்சேன் கலந்த மருந்து. திரவமாகவும் கிடைக்கும், தயிர் போன்ற க்ரீமாகவும் கிடைக்கும். இது துளையை அடைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. துளையின் உள்முகத்தில் ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்து, தண்ணீரோடு ஒட்டும் குணத்தை மாற்றிவிடுகிறது. தாமரை இலைத் தண்ணீர் போல, துளைக்குள் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு நிற்கும். ஒட்டவில்லை என்றால் ஏற்றம் இல்லை, சொல்லப்போனால் துளை தண்ணீரைக் கீழே தள்ளும். துளை திறந்தே இருப்பதால் சுவர் ஆவியை வெளியே விடுவதும் நிற்காது.

ஈரச் சுவருக்கு நான் க்ரீமைத்தான் சொல்வேன். திரவத்தை அழுத்தம் கொடுத்து ஏற்றினால், பழைய சாந்தில் உள்ள பொந்து வழியே ஓடிப்போய் ஓரிடத்தில் தேங்கிவிடும், அடுத்த இடத்துக்குப் போகாது. க்ரீம் துளையிலேயே நின்று சில நாள், சில வாரம் என்று மெதுவாகச் சாந்துக்குள் பரவும்.

மூன்றாவது படி: கொத்துவதும் துளைப்பதும்

காவிரி டெல்டாவில் இந்த வேலைக்கு ஏற்ற காலம் பிப்ரவரியிலிருந்து மே வரை. ஐப்பசி மழையில் தொடங்காதீர்கள்.

முதலில் உட்பக்கப் பூச்சை, உப்புக் கோட்டுக்கு மேலே இன்னும் ஒன்றரை அடி வரைக்கும் கொத்தி எடுங்கள். கொத்திய குப்பையைச் சுவரடியில் குவித்து வைக்காமல் அன்றைக்கே வெளியே கொண்டுபோங்கள், அதில் உப்பு இருக்கிறது. சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். காய்ந்த தூரிகையால் கூட்டினால் போதும்.

இப்போது சாந்து வரிகள் தெரியும். தரைக்கு மேலே கிட்டத்தட்ட நாலு அங்குலத்தில், நேராகத் தொடர்ந்து போகும் ஒரு படுக்கை வரியைத் தேர்ந்தெடுத்துச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுங்கள். எங்களுக்கு வெளி மட்டம் 20 செ.மீ. கீழே இறங்கிவிட்டதால், 10 செ.மீ. உயரத்து வரி வெளியிலிருந்து பார்த்தால் 30 செ.மீ. உயரத்தில் இருந்தது. அந்த வரியில் ஒயர் பைப் எங்கேயாவது குறுக்கே போகிறதா என்று பார்த்து, மெயினை அணைத்துவிட்டுத்தான் ட்ரில்லை எடுக்க வேண்டும்.

12 மி.மீ. பிட், 12 செ.மீ.க்கு ஒரு துளை. ஆழம், சுவரின் மறுமுகத்துக்கு 4 செ.மீ. இருக்கும்போது நிற்க வேண்டும். பதிமூன்றரை அங்குலம் என்றால் 34 செ.மீ., ஆகவே துளை 30 செ.மீ. பிட்டில் 30 செ.மீ.யில் ஒரு டேப் சுற்றிவிடுங்கள். கொத்தனார் முதல் நாள் செங்கல்லில் துளை போட ஆரம்பித்தார். "சாந்துல போட்டா பிட்டு கிடுகிடுன்னு போயிடுது தம்பி, கல்லுல போட்டாத்தான் பிடிமானமா இருக்கு" என்றார். பிடிமானம் நமக்கு வேண்டாம் அண்ணே, தண்ணி போற வழிதான் வேணும் என்று மறுபடி வரிக்கே கொண்டுவர வேண்டியிருந்தது. நீங்கள் பக்கத்தில் நிற்காவிட்டால் நடக்கப்போவதும் அதுதான். இன்னொரு வழக்கமான தப்பு, பிட் சின்னதாக இருப்பதால் ஆறு அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது. சுவரின் வெளிப்பாதியில் தண்ணீர் எப்போதும்போல ஏறிக்கொண்டிருக்கும்.

நடுவில் ஏதாவது ஓரிடத்தில் பிட் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே விழுந்தால் அங்கே பொந்து இருக்கிறது. அந்தத் துளையில் மெல்லிய சுண்ணாம்புக் குழம்பை ஊற்றி அடைத்து, இறுகிய பிறகு மறுபடி துளையுங்கள். உள்ளே கல்லும் மண்ணும் போட்டு நிரப்பிய சுவரில் இப்படி எங்கே பார்த்தாலும் பொந்தாக இருக்கும். அதனால்தான் அங்கே ஊசி கணக்கு பிசகுகிறது. மண் சாந்துச் சுவரில் துளையே நிற்காது, சரிந்துவிடும்.

நான்காவது படி: மருந்து

துளையில் உள்ள தூளை ஊதி வெளியேற்றுங்கள். தூள் இருந்தால் மருந்து சாந்தைத் தொடாது.

மருந்து எவ்வளவு வேண்டும் என்பதை நீங்களே கணக்குப் போடலாம். 12 மி.மீ. அகலமும் 30 செ.மீ. ஆழமும் உள்ள ஒரு துளை 34 மில்லி பிடிக்கும். கூடத்துச் சுவர் 24 அடி, அதாவது 7.3 மீட்டர். 12 செ.மீ.க்கு ஒன்று என்றால் 62 துளை, 2.1 லிட்டர். முன்சுவர் சேரும் மூலைக்கு இன்னும் 10 துளை, அதற்கு 340 மில்லி. சிந்துவதற்கும் சேர்த்து 3 லிட்டர் வாங்கினோம். ஒரு லிட்டரில் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், துளைகள் பாதி காலி என்று அர்த்தம்.

க்ரீமைத் துப்பாக்கியில் போட்டு, அதன் நீளக் குழாயைத் துளையின் கடைசி வரை நுழைத்து, அழுத்திக்கொண்டே மெதுவாகப் பின்னால் இழுக்க வேண்டும். வாயில் வைத்து அழுத்தினால் முன்னால் மட்டும் நிரம்பி உள்ளே காற்று நிற்கும். வாயிலிருந்து ஒரு செ.மீ. விட்டு நிறுத்திக்கொள்ளலாம். கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

மூலையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். சித்தப்பா வீட்டில் கூடத்துச் சுவர் தெருப்பக்கத்து முன்சுவரோடு சேர்கிறது. முன்சுவரை ஒட்டித் திண்ணை. திண்ணைக்குள் இருப்பது மண், அது இரண்டடி உயரத்துக்கு முன்சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. முன்சுவருக்கு அந்த வருடம் வைத்தியம் பார்க்கக் காசில்லை. அப்படியே விட்டால் அதன் ஈரம் பக்கவாட்டில் கூடத்துச் சுவருக்குள் வந்துவிடும். அதற்காகத்தான் மூலையில், கிடைவரியின் முனையிலிருந்து நெட்டுக்குத்தாக நாலடி உயரத்துக்கு அந்தப் பத்துத் துளைகள். இங்கே மட்டும் செங்கல்லும் சாந்துமாக மாறி மாறித்தான் துளை விழும், வேறு வழியில்லை.

ஐந்தாவது படி: பொறுத்திருப்பது

ஊசி போட்ட மறுநாள் சுவர் காயாது. மேலே இருக்கும் தண்ணீர் ஆவியாகித்தான் போக வேண்டும். அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. பதிமூன்றரை அங்குலம் என்றால் ஒரு வருடத்துக்கு மேல். நம் ஊர் வெயிலில் கொஞ்சம் முன்பின்னாகலாம், மாதக்கணக்கு என்பது மட்டும் மாறாது.

அந்த வருடம் முழுக்கச் செங்கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார யாராலும் முடியாது. நாங்கள் மூன்று மாதம் திறந்தே விட்டோம். சுவரில் பூத்த உப்பை வாரம் ஒரு முறை காய்ந்த தூரிகையால் கூட்டி முறத்தில் அள்ளிக் கொட்டினோம். பிறகு ஊறவைத்த சுண்ணாம்பு ஒன்று, உப்பில்லாத ஆற்று மணல் மூன்று என்று கலந்து பூசினோம். சிமென்ட் ஒரு கரண்டிகூடச் சேர்க்கவில்லை. "கொஞ்சம் சிமென்ட் போட்டாத்தான் பிடிக்கும்" என்று கொத்தனார் இரண்டு முறை கேட்டார். சுண்ணாம்புப் பூச்சு ஆவியை விடும், மிச்ச உப்பையும் தனக்குள் வாங்கிக்கொள்ளும். ஐந்தாறு வருடத்தில் அது பொரிந்தாலும் பூச்சுதான் போகும், சுவர் போகாது. அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும் அடித்தோம். புட்டியும் பிளாஸ்டிக் பெயின்டும் அந்தச் சுவருக்கு ஆகாது.

பூச்சு தரை வரைக்கும் போகாமல் தடுப்பு வரிக்கு மேலேயே நிற்க வேண்டும். வரிக்குக் கீழே இறங்கினால் தண்ணீர் தடுப்பைச் சுற்றிக்கொண்டு பூச்சு வழியாகவே மேலே ஏறும். அந்த இடைவெளியை மறைக்க மரப் பட்டியை வைத்துக்கொள்ளலாம்.

பலித்ததா என்று பார்ப்பது

கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். அதே இடங்களுக்குப் பக்கத்தில், அதே உயரங்களில் மறுபடி தூள் எடுத்து நிறுங்கள். மழை முடிந்த மார்கழியில் எடுப்பது நல்லது, ஏனென்றால் நிலத்தடி நீர் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். தடுப்புக்கு மேலே உள்ள எண்கள் இறங்கி, தடுப்புக்குக் கீழே உள்ளது அப்படியே இருந்தால் ஊசி வேலை செய்கிறது. எல்லாமே சேர்ந்து ஏறினால் துளைகளில் எங்கோ இடைவெளி இருக்கிறது. 15 செ.மீ.யில் காய்ந்து 110 செ.மீ.யில் மட்டும் ஈரமாக இருந்தால் அது உப்பு, அந்தப் பூச்சை மாற்ற வேண்டும்.

வேலை முடிந்து வந்த இரண்டாவது மார்கழியில் நாங்கள் எடுத்தபோது 15 செ.மீ.யில் 14 இருந்தது 5 ஆகியிருந்தது. 60 செ.மீ.யில் 3. தடுப்பு வரிக்குக் கீழே, தரையை ஒட்டி எடுத்ததில் இன்னும் 15. ஓரிடத்தில் மட்டும், மாடிப்படிக்கு அடியில் ஒரு முழ அகலத்துக்கு 11 காட்டியது. பூச்சைச் சுரண்டிப் பார்த்தோம். படிக்கட்டு இடைஞ்சலாக இருந்ததால் ட்ரில்லைச் சாய்த்துப் பிடித்து, மூன்று துளைகளை அரை ஆழத்தோடு விட்டிருந்தார்கள். சின்ன ட்ரில் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்து அந்த மூன்றையும் முழு ஆழத்துக்குப் போட்டு நிரப்பினோம். மிச்சம் இருப்பது திண்ணைப் பக்கத்து முன்சுவர். அதற்குத் திண்ணையை உடைத்து மண்ணை எடுக்க வேண்டும், சித்தப்பா இன்னும் சம்மதிக்கவில்லை.